அட்டவணைக்குக் கீழே அந்த ஒரு பத்தி: போர்டுக்கு என்ன எழுதுவது?

வாசகர் கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறேன். பட்டியலிடப்படாத பப்ளிக் லிமிடெட் கம்பெனி. மாதாமாதம் போர்டுக்குப் போகும் எம்.ஐ.எஸ். அட்டவணையை நான்தான் தயார் செய்கிறேன். ஜூலையிலிருந்து அதன் கீழே ஒரு பத்தி விளக்கமும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். செப்டம்பர் கணக்கு இது (லட்சம் ரூபாயில்):

| | பட்ஜெட் | நடப்பு | வித்தியாசம் |
|---|---|---|---|
| நூல் விற்பனை | 960.0 | 969.0 | +9.0 |
| பஞ்சு | 729.4 | 785.4 | −56.0 |
| மின்சாரம் | 96.0 | 78.0 | +18.0 |
| சம்பளம், இதர செலவு | 90.0 | 91.0 | −1.0 |
| வட்டி, தேய்மானத்துக்கு முன் லாபம் | 44.6 | 14.6 | −30.0 |

நான் எழுதியது: "விற்பனை பட்ஜெட்டைவிட 9 லட்சம் அதிகம். பஞ்சுச் செலவு 56 லட்சம் கூடியதால் லாபம் 30 லட்சம் குறைந்தது. சிக்கன நடவடிக்கைகளால் மின்செலவு 18 லட்சம் மிச்சம்." ஒரு சுயேச்சை இயக்குநர், "இது அட்டவணையிலேயே இருக்கிறதே, ஏன் என்று எங்கே?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

பட்ஜெட்டில் 400 டன், எல்லாமே 30-ஆம் நம்பர் நூல், கிலோ 240 ரூபாய். விற்றது 425 டன்: 30-ஆம் நம்பர் 300 டன் 233 ரூபாய்க்கு, 20-ஆம் நம்பர் 125 டன் 216 ரூபாய்க்கு. நூல் இருப்பு மாறவில்லை. பஞ்சு 510 டன் போனது, கிலோ 154 ரூபாய் (பட்ஜெட் 155). பஞ்சில் நூலாகத் தேறும் ரியலைசேஷன் பட்ஜெட்டில் 85 சதவீதம். 30-ஆம் நம்பருக்கு ஆர்டர் போதாமல் சில ஃபிரேம்களை 20-க்கு மாற்றினார்கள். சீசன் கடைசியில் வாங்கிய 2 லாட்டில் குப்பை அதிகம் என்று கார்டிங்கில் சொல்கிறார்கள். ஆனால் ஜி.எம். சார், "நம்பர் மாற்றியது, லாட் விஷயம் எல்லாம் எழுதாதீர்கள். மார்க்கெட் சரியில்லை என்று போடுங்கள் போதும்" என்கிறார். நான் எழுதுவது தப்பாகப் போனால் என் தலையில் விழுமா? எப்படித்தான் எழுதுவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பட்டயக் கணக்காளரின் பதில்

முதலில் ஒன்று. நீங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியில் எழுதியிருக்கும் விவரங்கள்தான் அந்த இயக்குநர் கேட்ட பதில். டன், நம்பர், கிலோ விலை, குப்பைப் பஞ்சு என்று எல்லாம் உங்கள் கையில் இருக்கிறது, போர்டுக்குப் போன பத்தியில்தான் இல்லை. பத்தி அட்டவணையை வாக்கியமாக மாற்றுவதோடு நின்றுவிட்டது. நீங்கள் மட்டுமல்ல, எனக்கு வரும் பத்து எம்.ஐ.எஸ்.ஸில் எட்டு இப்படித்தான் இருக்கிறது.

அட்டவணை ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகக் கழித்துக் காட்டும். மில்லில் நடந்தது அப்படித் தனித்தனியாக நடக்காது. ஃபிரேமை 20-ஆம் நம்பருக்கு மாற்றினால் விற்பனை, பஞ்சு, மின்சாரம் மூன்று வரியும் அசையும். ஆகவே ஒவ்வொரு வரியையும் உடைத்து, ஒரே காரணத்தால் வந்தவற்றை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். உங்கள் கணக்கை வைத்தே செய்து பார்ப்போம்.

+9 என்ற எண்ணை நம்பாதீர்கள்

விற்பனையில் வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. 5 சதவீதத்துக்கு மேல் போனால்தான் விளக்கம் என்று பல கம்பெனிகளில் ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். அந்த விதிப்படி இந்த வரிக்கு நீங்கள் எதுவுமே எழுத வேண்டாம். ஆனால் இந்த மாதத்தின் பெரிய விஷயம் இந்த வரிக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

25 டன் கூடுதலாக விற்றதை பட்ஜெட் விலையான 240-ஆல் பெருக்கினால் 60 லட்சம் சாதகம். விற்ற 425 டன்னுக்கும் சராசரியாகக் கிடைத்தது கிலோ 228 ரூபாய். 12 ரூபாய் குறைவு, அதாவது 51 லட்சம் பாதகம். 60-இல் 51 போக மிச்சம்தான் அந்த 9. இரண்டு பெரிய எண்கள் ஒன்றை ஒன்று தின்றுவிட்டு, மேலே சின்ன எண்ணாக நிற்கின்றன. வரம்பை நிகர வித்தியாசத்துக்கு வைக்காமல் இப்படிப் பிரித்த பகுதிகளுக்கு வையுங்கள்.

அடுத்து, அந்த 12 ரூபாய். 30-ஆம் நம்பர் நூலே 240-இலிருந்து 233-க்கு வந்திருக்கிறது. இந்த 7 ரூபாய் இறக்கம் சந்தையுடையது. 20-ஆம் நம்பருக்கும் அதே இறக்கம் என்று வைத்துக்கொண்டால், 425 டன்னுக்குச் சந்தையால் போனது ஏறக்குறைய 30 லட்சம். மீதி 21 லட்சம், 125 டன் நூலை விலை குறைந்த நம்பரில் விற்றதால் வந்தது. ஆக "மார்க்கெட் சரியில்லை" என்று உங்கள் ஜி.எம். சொல்வது பொய்யில்லை. 51-இல் 30-ஐ அது விளக்குகிறது, மீதியை விளக்கவில்லை.

பஞ்சு வரியையும் இதேபோல் பிரிக்கலாம். 85 சதவீத ரியலைசேஷனில் 425 டன் நூலுக்கு 500 டன் பஞ்சு போதும். பட்ஜெட்டில் இருந்தது 400 டன் நூலுக்கான சுமார் 470.6 டன். அந்த 29.4 டன் வேறுபாடு, 155 ரூபாய் வீதம், 45.6 லட்சம். இதை "செலவு கூடியது" என்று சொல்வதே தவறு, அதிக நூலுக்கு அதிக பஞ்சு போகத்தான் செய்யும். உண்மையான இழப்பு 500-க்குப் பதில் 510 டன் போனதில் இருக்கிறது. 10 டன், 15.5 லட்சம். கிலோவுக்கு 1 ரூபாய் மலிவாக வாங்கியதில் 5.1 லட்சம் திரும்ப வந்திருக்கிறது. 45.6-உம் 15.5-உம் கூட்டி 5.1-ஐக் கழித்தால் உங்கள் 56.

இந்தக் கடைசி இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலிவுப் பஞ்சில் 5 லட்சம் மிச்சம் பிடித்து, அதே பஞ்சின் குப்பையில் 15 லட்சம் விட்டிருக்கிறீர்களோ என்ற கேள்வி தானாக எழுகிறது. பர்ச்சேஸ் பிரிவு தன் அறிக்கையில் 5 லட்சத்தைச் சாதனையாகக் காட்டியிருந்தாலும் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் இது இன்னும் கேள்விதான். கார்டிங்கில் யாரோ சொன்னதை மட்டும் வைத்து எழுதிவிடாதீர்கள். அந்த 2 லாட்டுக்கும் குப்பை சதவீத டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கும். ப்ளோரூம், கார்டிங் கழிவு எடையும் தினமும் எழுதப்படுகிறது. அந்த லாட்கள் மிக்ஸிங்கில் போன நாட்களில் மட்டும் கழிவு ஏறியிருந்தால் காரணம் பஞ்சு. மாதம் முழுக்க ஏறியிருந்தால் மெஷின் செட்டிங்கைப் பார்க்க வேண்டும். கூடுதல் கழிவை விற்ற பணம் இதர வருமானத்தில் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் 15.5-இல் ஒரு பகுதி அங்கே திரும்பியிருக்கும்.

425 டன் சாதனையா?

425 டன் என்று மட்டும் எழுதினால், படிக்கும் இயக்குநர் உற்பத்தி 6 சதவீதம் கூடியதாகவே எடுத்துக்கொள்வார். 20-ஆம் நம்பர் தடித்த நூல், முறுக்கும் குறைவு. அதே ஸ்பிண்டில் அதே நேரத்தில் 30-ஆம் நம்பரைவிட ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் கிலோ தரும். ஒன்றரை என்றே வைத்தால், 125 டன் 20-ஆம் நம்பர் என்பது 30-ஆம் நம்பர் கணக்கில் சுமார் 83 டன். 300-உம் 83-உம் சேர்த்து 383. பட்ஜெட் 400. எடை கூடியிருக்கிறது, மில்லின் ஓட்டம் குறைந்திருக்கிறது. உங்கள் உற்பத்திப் பிரிவில் இந்தக் கன்வர்ஷனைக் கட்டாயம் வைத்திருப்பார்கள், அவர்கள் எண்ணையே வாங்கிப் போடுங்கள்.

சரி, அப்படியானால் நம்பர் மாற்றியது தவறான முடிவா? ஜி.எம். பயப்படுவது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். கணக்கு அவர் பக்கம்தான் இருக்கிறது. ஒரு கிலோ நூலுக்குப் பஞ்சு 155-ஐ 0.85-ஆல் வகுத்தால் சுமார் 182 ரூபாய். 30-ஆம் நம்பரில் 233 போக 182, கிலோவுக்கு 51 ரூபாய் நிற்கிறது. 20-ஆம் நம்பரில் 216 போக 182, 34 ரூபாய்தான். ஆனால் அதே ஸ்பிண்டில் ஒன்றரை கிலோ தருவதால், 34-ஐ ஒன்றரையால் பெருக்கினால் அதே 51! ஆர்டர் இல்லாமல் ஃபிரேமை நிறுத்தி வைத்திருந்தால் அந்த 51-உம் இல்லை. விலை வித்தியாசத்தால் போன 21 லட்சத்தோடு, அளவு கூடியதால் வந்த 60-இலிருந்து பஞ்சு 45.6 போக நின்ற 14.4-ஐச் சேர்த்தால், நம்பர் மாற்றத்தின் நிகர விளைவு ஏறக்குறைய 7 லட்சம் பாதகம்தான். அதுவும் பெரும்பாலும் ஓட்டம் 400-க்கு வராததால் வந்தது.

இதை ஜி.எம்.மிடம் எடுத்துக்கொண்டு போங்கள். அவர் மறைக்கச் சொல்லும் விஷயம் அவருடைய நல்ல முடிவு. எழுதாமல் விட்டால், சராசரி விலை 12 ரூபாய் சரிந்ததற்கு முழுவதும் சந்தை என்றாகிவிடும். திருப்பூர் நூல் விலை தெரிந்த ஒரு இயக்குநர் "சந்தை 7 ரூபாய்தானே இறங்கியது, மீதி 5 எங்கே" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாமல் நிற்கப்போவது அவர்தான்.

மின்சாரம்: மிச்சமா, முன்கூட்டி வந்ததா?

"சிக்கன நடவடிக்கை" என்ற சொல்லைத்தான் நான் முதலில் அடிப்பேன். பட்ஜெட்டில் மாதத்துக்கு 96 என்று ஒரே எண் இருக்கிறது என்றால், ஆண்டுத் தொகையை 12-ஆல் வகுத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. உங்களுக்குச் சொந்தக் காற்றாலை இருக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. திண்டுக்கல் பக்கத்து மில்களில் பலவற்றுக்கு இருப்பதால், இருப்பதாக வைத்துச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் காற்று சீசன் ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை. அந்த மாதங்களில் காற்றாலை யூனிட்டுகள் பில்லில் கழிந்து தொகை இறங்கும், அப்புறம் ஏறும். 12-ஆல் வகுத்த பட்ஜெட் முன் இந்த ஏற்ற இறக்கம் ஒரு பருவத்தில் சிக்கனமாகவும் இன்னொரு பருவத்தில் ஊதாரித்தனமாகவும் தெரியும். நவம்பரில் 18 லட்சம் எதிர்ப்பக்கம் போனால் என்ன எழுதுவீர்கள்?

மின்வாரிய பில்லில் மொத்தம் ஓடிய யூனிட், காற்றாலையிலிருந்து கழித்த யூனிட் என்ற இரண்டையும் எடுங்கள். மில் ஓட்டம் 383 டன் அளவுக்கு என்றால் பட்ஜெட் விகிதப்படி சுமார் 92 லட்சம் வர வேண்டும். ஆக 18-இல் 4 லட்சம் ஓட்டம் குறைந்ததால், மீதி 14 காற்றால் என்று உத்தேசமாகப் பிரியும். பில் எண்கள் வேறு சொன்னால் அவற்றையே போடுங்கள். காற்றை எடுத்துவிட்டுப் பார்த்தால் செப்டம்பர் லாபம் 14.6 இல்லை, அரை லட்சம்தான். போர்டு தெரிந்துகொள்ள வேண்டியதில் இதற்குத்தான் முதலிடம், அட்டவணையில் இது எங்கேயும் இல்லை. அடுத்த பட்ஜெட்டில் மின்சாரத்தைப் பருவவாரியாகப் பிரித்துப் போடுங்கள், இந்தத் தலைவலி போய்விடும்.

உங்கள் தலையில் விழுமா?

மாத எம்.ஐ.எஸ். என்பது நிர்வாகத் தகவல். ஆண்டுக் கணக்குபோல் கையெழுத்திட்டு தாக்கல் செய்யும் சட்ட ஆவணம் இல்லை. கிடைத்த தகவலை வைத்து நல்லெண்ணத்தோடு ஒரு காரணத்தை எழுதி, பிறகு அது வேறு என்று தெரிந்தால், அது குற்றமாகாது, அடுத்த மாதம் திருத்தி எழுதலாம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 447-ஆம் பிரிவு பேசுவது ஏமாற்றும் நோக்கத்தோடு செய்வதையும் மறைப்பதையும் பற்றி. இந்த விவகாரம் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட இல்லை, அதனால் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் எழுதாதே என்றதால் எழுதவில்லை என்ற பழக்கம் மாதாமாதம் தொடர்ந்து, அதே அறிக்கை வங்கிக்கும் போய், அதை நம்பி அவர்கள் முடிவெடுத்தால் அது வேறு கதை.

அந்த இயக்குநர் ஏன் அவ்வளவு கறாராக இருக்கிறார் என்பதற்கும் சட்டத்தில் ஒரு காரணம் உண்டு. மாத விற்பனையைப் பார்த்தால் உங்கள் விற்றுமுதல் ஆண்டுக்கு 100 கோடியைத் தாண்டும்போல் தெரிகிறது, பட்டியலிடப்படாத பப்ளிக் கம்பெனியாக இருந்தும் சுயேச்சை இயக்குநர்கள் இருப்பது அதனால்தான் இருக்க வேண்டும். 149(12)-ஆம் பிரிவின்படி, போர்டு நடவடிக்கைகள் வழியாக அவருக்குத் தெரிந்து அவர் சம்மதத்தோடு நடந்தவற்றுக்கும், அவர் அக்கறையின்றி இருந்தவற்றுக்கும் அவர் பொறுப்பாவார். கேட்காமல் விடுவது அவருக்கு ஆபத்து. அவர் கேள்வியை உங்கள் மேலான குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்களைக் காத்துக்கொள்ள எளிய வழி, வரைவை உற்பத்தி, பர்ச்சேஸ், விற்பனை மூன்று பிரிவுக்கும் மெயிலில் அனுப்பி, "எண்கள் கணக்குப் பிரிவுடையவை, காரணங்களைச் சரிபார்த்து நாளை மாலைக்குள் சொல்லுங்கள்" என்று கேட்பது. ஜி.எம். ஒரு வரியை எடுக்கச் சொன்னால் அதையும் மெயிலில் சொல்லச் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே விட்டுவிடுவார்கள். கருத்து வேறுபாடு நின்றால் எம்.டி.யிடம் இரண்டு வரைவையும் காட்டுங்கள், முடிவு அவருடையது. கூட்டத்துக்கான அஜெண்டா குறிப்புகள் பொதுவாக 7 நாட்களுக்கு முன்பே இயக்குநர்களிடம் போய்ச் சேர வேண்டும் என்பதால், இந்தப் பேச்சுகளுக்கும் சேர்த்து நாள் ஒதுக்குங்கள்.

நான் எழுதியிருந்தால்

"செப்டம்பர் லாபம் 14.6 லட்சம், பட்ஜெட்டைவிட 30 லட்சம் குறைவு. காற்றாலையால் மின்செலவில் வந்த சுமார் 14 லட்சம் பருவத்தைப் பொறுத்தது, காற்று ஓய்ந்ததும் திரும்பிப் போகும். அதை நீக்கினால் லாபம் ஏறக்குறைய இல்லை. நூல் விலை கிலோவுக்கு 7 ரூபாய் இறங்கியதால் 30 லட்சம் போனது. 30-ஆம் நம்பருக்கு ஆர்டர் போதாததால் சில ஃபிரேம்கள் 20-ஆம் நம்பருக்கு மாற்றப்பட்டன. எடையில் விற்பனை 425 டன்னாகக் கூடினாலும், 30-ஆம் நம்பர் கணக்கில் ஓட்டம் 383 டன் (பட்ஜெட் 400), நிகர பாதகம் 7 லட்சம். ஃபிரேம்களை நிறுத்தியிருந்தால் இழப்பு இதைவிடக் கூடியிருக்கும். ரியலைசேஷன் 85-இலிருந்து 83.3 சதவீதமாகக் குறைந்ததில் 15.5 லட்சம் இழப்பு. சீசன் கடைசியில் வாங்கிய 2 லாட்டின் குப்பை காரணமாக இருக்கலாம், லாட்வாரிக் கழிவு ஆய்வு நடக்கிறது, முடிவு அடுத்த அறிக்கையில்."

விலை, நம்பர், ரியலைசேஷன், மின்சாரம் என்று நான்கு காரணம்தான், பெரிய எண்கள் எதுவும் விடுபடவில்லை. பஞ்சு விலையில் வந்த 5-ஐயும், ஓட்டம் குறைந்ததால் மின்சாரத்தில் வந்த 4-ஐயும், சம்பளத்தில் போன 1-ஐயும் வேண்டுமென்றே விட்டேன், யாரும் அதைக் கேட்டு முடிவெடுக்கப்போவதில்லை. தெரிந்ததைத் தெரிந்ததாகவும், சந்தேகத்தை "இருக்கலாம்" என்றும் எழுதியிருக்கிறேன். "கடும் முயற்சி எடுக்கப்படுகிறது" என்பது போன்ற வரிகளை நீங்களும் சேர்க்காதீர்கள்.

அக்டோபர் அறிக்கையில் பத்தியைத் தொடங்கும்போது அந்த 2 லாட் ஆய்வு என்ன சொன்னது என்பதை முதல் வாக்கியமாகப் போடுங்கள். பஞ்சுதான் காரணம் என்று உறுதியானால், பர்ச்சேஸில் குப்பை சதவீதத்துக்கு மேல்வரம்பு வைக்கலாமா என்ற கேள்வியைப் போர்டே எழுப்பும்.